பாட்டியின் கட்டில் எந்தச் சுவரோடு ஒட்டியிருக்கிறது?

மூன்று தலைமுறையினர் சேர்ந்து வாழப்போகும் வீட்டின் வரைபடத்தில் பெரும்பாலும் முதலில் எடுக்கப்படும் முடிவு, பெரியவர்களுக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை என்பதுதான். மாடிப்படி ஏறி இறங்க வேண்டாம் என்ற அந்த ஒரே காரணம் போதுமானது, சரியானதும்கூட. ஆனால் அந்த முடிவை எடுத்த கையோடு நாம் இன்னொன்றையும் செய்துவிடுகிறோம், அதைக் கவனிப்பதில்லை. ஹால், தொலைக்காட்சி, சமையலறை, வாசற்கதவு, மாடிப்படியின் அடிப்பகுதி என்று வீட்டில் ஓசை எழுப்பும் அத்தனையும் தரைத்தளத்தில்தான் இருக்கின்றன. படியிலிருந்து பெரியவர்களைக் காப்பாற்றி, எல்லாருடைய ஓசைக்கும் நடுவில் கொண்டுவந்து படுக்க வைக்கிறோம். பிறர் பார்வைபடாத தனிமை, ஓசை, படிக்கட்டு, பொதுச் சமையலறை ஆகிய நான்கு சிக்கல்களும் முடிச்சு விழும் இடம் இந்த ஓர் அறை என்பதால், இதைச் சரியாக அமைத்துவிட்டால் வீட்டின் மற்ற பகுதிகள் ஏறக்குறையத் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும் என்பது என் அனுபவம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை நீக்க வேண்டியிருக்கிறது. “அவருக்குக் காது மந்தம், சத்தம் ஒன்றும் தெரியாது” என்று வீட்டார் சொல்வதை வரைபட மேசையில் அடிக்கடி கேட்கிறேன். வயதால் வரும் செவித்திறன் குறைவு பொதுவாக உயர்ந்த அலைவரிசைகளில்தான் தொடங்குகிறது. குழந்தையின் கீச்சுக் குரலும், பேச்சில் வரும் ‘ச’, ‘த’ போன்ற மெய்யொலிகளின் கூர்மையும் மங்கும். ஆனால் மாடியில் ஓடும் கால்களின் திம்திம் ஓசையும் கதவு அறையும் ஓசையும் தாழ்ந்த அலைவரிசைகளைச் சேர்ந்தவை என்பதால் அவை பெருமளவு அப்படியே கேட்கும். அதோடு, வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைந்து இடையிடையே விழிப்பது கூடுகிறது. எனவே பகலில் நாம் பேசுவது புரியாமல் “என்ன?” என்று கேட்கும் அதே பாட்டிதான், இரவு பதினொரு மணிக்குப் பேரன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கும்போது விழித்துக்கொள்கிறார்.

நேரக் கணக்கும் இதற்கு எதிராகவே நிற்கிறது. பதின்பருவத்தில் உடலின் உறக்கக் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. முதுமையில் அது முன்னுக்கு வருகிறது. இரவு ஒன்பதுக்குப் படுத்து விடியற்காலை நாலரைக்கு எழும் தாத்தாவும், நள்ளிரவுவரை விழித்திருக்கும் பேத்தியும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். பிடிவாதம், சோம்பல் என்று இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டாலும் அது உடலின் போக்குதான். வீட்டு விதிகளால் அதை ஓரளவுக்குமேல் மாற்ற முடியாது. ஆகவே வரைபடத்தைப் பகல் நேரத்துக்காக மட்டும் பார்க்காமல், இரவு பதினொரு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் யார் எங்கே இருப்பார்கள், எந்த வழியாக நடப்பார்கள் என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கோடுகள் யாருடைய கட்டிலை ஒட்டிப் போகின்றன என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பதினான்கு வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன் என ஆறு பேர். தரைத்தளம் முப்பதுக்கு நாற்பது அடி, மேலே இன்னொரு தளம். முதல் வரைபடத்தில் பெரியவர்களின் அறை ஹாலை ஒட்டி, பதினொன்றுக்குப் பன்னிரண்டு அடி அளவில், ஹாலுக்கு நேராகத் திறக்கும் கதவோடு இருந்தது. ஹாலையும் அறையையும் பிரிக்கும் சுவரை ஒட்டியே மாடிப்படி ஏறியது. தொலைக்காட்சியும் அதே சுவரில்தான். அறையின் பின்சுவருக்கு அப்பால் சமையல் மேடை. தலைக்கு மேலே குழந்தைகளின் அறை. கழிவறையோ ஹாலைக் கடந்து எதிர்ப்புறத்தில் இருந்தது. காகிதத்தில் பார்க்க மிகக் கச்சிதமான வீடு; இடம் ஒரு சதுர அடிகூட வீணாகவில்லை. ஆனால் கட்டிலின் இரண்டு பக்கமும், மேலேயும், ஓசை மூலங்கள் சூழ்ந்திருந்தன.

வீட்டுக்காரர் முதலில் கேட்டது, ஹாலுக்கும் அறைக்கும் இடையிலான நாலரை அங்குலச் சுவரை ஒன்பது அங்குலமாக்கினால் போதுமா என்பது. இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பலருடைய பணம் வீணாவது இங்கேதான். இரு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர், காற்றின் வழி வரும் ஓசையை ஏறத்தாழ 40 முதல் 45 டெசிபல்வரை குறைக்கும். ஒன்பது அங்குலச் சுவர் 50ஐ எட்டும். ஆனால் உள்ளே வெற்றிடம் கொண்ட சாதாரணக் கதவு, சுற்றிலும் இடைவெளியோடு நிற்கும்போது 20 டெசிபல் குறைத்தாலே பெரிது. பதினொரு அடி நீளம், பத்து அடி உயரமுள்ள சுவரில் அந்தக் கதவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இடத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மொத்தச் சுவரின் திறன் 27 டெசிபலுக்கு இறங்கிவிடுகிறது. வியப்பு என்னவென்றால், நாலரை அங்குலமானாலும் ஒன்பது அங்குலமானாலும் விடை அதே 27தான். ஓட்டைக் குடத்தின் சுவரைத் தடிமனாக்குவது போன்ற வேலை அது. அதே பணத்தில் கெட்டியான மரக்கதவு போட்டு, மூன்று பக்கச் சட்டத்திலும் ரப்பர் பட்டை ஒட்டி, அடியில் கதவு மூடும்போது தானாக இறங்கித் தரையைத் தொடும் பட்டையையும் பொருத்தினால் கதவின் திறன் 30ஐத் தொடும். மொத்தச் சுவர் 37க்கு உயரும்.

இந்தப் பத்து டெசிபல் வேறுபாட்டின் பொருள் என்ன? பத்து டெசிபல் குறைந்தால் ஓசை பாதியானதாக நம் காதுக்குத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உறங்கும் அறையில் தொடர்ந்து கேட்கும் ஓசை 30 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஹாலில் தொலைக்காட்சி 65 டெசிபலில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் கதவின் வழியே அறைக்குள் ஏறத்தாழ 38 டெசிபல் வரும். இரண்டாவது கதவின் வழியே 28தான் வரும். அறையின் மெத்தை, திரைச்சீலை ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் சற்று மாறும் என்றாலும், கணக்கின் போக்கு மாறாது. ஏற்கெனவே கட்டிய வீட்டில் உங்கள் கதவு எப்படி என்று அறிய கருவி எதுவும் வேண்டாம். இரவில் ஹால் விளக்கை எரியவிட்டு, அறைக்குள் இருட்டில் கதவை மூடிக்கொண்டு நில்லுங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் ஓசையும் வருகிறது.

ஆனால் கதவைச் சரிசெய்து அடக்கக்கூடியது காற்றின் வழி வரும் ஓசையை மட்டுமே. படிக்கட்டின் ஓசையும், சமையல் மேடையில் ஓடும் மிக்சியின் ஓசையும் வேறு வகை. அவை கட்டடத்தின் உடம்புக்குள் அதிர்வாகப் புகுந்து, சுவர் முழுவதையும் ஒலிபெருக்கியின் சவ்வுபோல் ஆக்கி, மறுபக்கத்தில் ஓசையாக வெளிவருகின்றன. மேடைக் கல் சுவருக்குள் பதிக்கப்பட்டிருந்தால், அந்தச் சுவருக்கு அப்பால் கட்டிலின் தலைப்பக்கம் இருந்தால், விடியற்காலையில் மிக்சி ஓடுவது தலையணைக்குள்ளேயே ஓடுவது போலிருக்கும். படிக்கட்டுப் படிகள் படுக்கையறைச் சுவரில் பதிந்திருந்தாலும் அதே கதைதான். அப்படி ஒரு வீட்டில் ஒரு பாட்டி, மாடியிலிருந்து இறங்குவது மகனா மருமகளா பேரனா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சரியாகச் சொல்வார். எல்லாரும் அதை அவருடைய சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வரைபடத்தைப் போட்டவன் நான் என்பதால் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இவ்வகை ஓசையைக் கண்டுகொள்வது எளிது. மிக்சி ஓடும்போது அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் அதிர்வு தெரிந்தால், அறைக்குள் ஒட்டும் பஞ்சுப் பலகைகளால் பயன் இல்லை. அவை அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, சுவரின் வழி வருவதைத் தடுப்பதில்லை. அதிர்வை அது தொடங்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும்: மிக்சிக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு வைக்கலாம், அல்லது அதை வேறு சுவரை ஒட்டிய மேடைக்கு மாற்றலாம். மேல்மாடிக் காலடி ஓசைக்கும் இதே விதிதான். ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம் பேச்சொலியை நன்றாகவே தடுக்கும். ஆனால் டைல்ஸ் தரைமேல் விழும் குதிகாலைத் தடுப்பதில் அது மிகவும் பலவீனமானது. கீழே பொய்க்கூரை போடுவதைவிட, மேலே குழந்தைகள் விளையாடும் இடத்தில் தடித்த விரிப்பு போடுவதும் நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுவதும் செலவும் குறைவு, பயனும் அதிகம். கூரையை மறைத்தாலும் அதிர்வு சுவர்களின் வழியே இறங்கிவிடும்.

ஆகவே இரண்டாவது வரைபடத்தில் பொருட்களை மாற்றாமல் இடங்களை மாற்றினோம். பெரியவர்களின் அறை வீட்டின் பின்மூலைக்குப் போனது. சமையலறை உணவு மேசைக்கு மறுபுறம், வீட்டின் எதிர்ப்பக்கச் சுவருக்கு நகர்ந்தது. ஹாலுக்கும் பெரியவர்களின் அறைக்கும் இடையில் அவர்களுக்கே உரிய குளியலறையையும், இரண்டடி ஆழமுள்ள துணி அலமாரிகளையும், நான்கடிக்கு நான்கடியில் ஒரு சிறு முன்னறையையும் வைத்தோம். கதவைத் திறந்தால் ஹாலில் இருப்பவர்களுக்கு அலமாரிதான் தெரியும், கட்டில் தெரியாது. படிக்கட்டு வாசலுக்கு அருகில் வெளிச்சுவரை ஒட்டிச் சென்றது; இரவு தாமதமாக வருபவர் கட்டிலை நெருங்காமலேயே மாடிக்கு ஏறிவிடலாம். மாடியில் குழந்தைகளின் அறை ஹாலுக்கும் சமையலறைக்கும் மேலே போனது. பெரியவர்களின் கட்டிலுக்கு மேலே, நடமாட்டம் குறைந்த, மகன் மருமகளின் அறை வந்தது. குளியலறைக்கு மேலே குளியலறை என்று அடுக்கியதால், மேலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய் கட்டிலோரச் சுவரின் வழியே வராமல் குளியலறைப் பக்கமாகவே இறங்கியது. இதற்கெல்லாம் கொடுத்த விலை ஹாலின் நீளத்தில் மூன்றடி. வீட்டுக்காரர் அந்த மூன்றடிக்காக இரண்டு வாரம் யோசித்தார்.

மகன் மருமகளின் அறையைப் பெரியவர்களுக்கு நேர் மேலே வைத்ததில் ஒரு நுணுக்கம் உண்டு. தளத்தின் வழியே பேச்சு கேட்காது என்றேன். ஆனால் மேலும் கீழும் ஒரே சுவரில், ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல்கள் இருந்து, இரண்டும் திறந்திருந்தால், மேலே தாழ்ந்த குரலில் நடக்கும் வாக்குவாதம்கூட வெளியே போய்க் கீழே நுழைந்துவிடும். மூலையறை என்பதால் இரண்டு வெளிச்சுவர்கள் கிடைத்தன. கீழறையின் பெரிய ஜன்னலை ஒன்றிலும் மேலறையின் பெரிய ஜன்னலை மற்றொன்றிலும் வைத்தோம். இளையவர்களின் தனிமையும் தனிமைதான் என்பதை வரைபடம் போடும்போது பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதனால் கேட்கப்படாமலே அதைச் செய்துவிடுவது நல்லது.

தனிமை என்றவுடன் மூடிய கதவைத்தான் நினைக்கிறோம். பெரியவர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நடைவழியைப் பற்றியது. ஹாலில் விருந்தினர் உட்கார்ந்திருக்கும்போது, கலைந்த உடையில், அவர்கள் முன்னால் நடந்து கழிவறைக்குப் போக நேர்வதுதான் உண்மையான சங்கடம். அதைத் தவிர்க்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். அறையோடு இணைந்த குளியலறை இந்தச் சங்கடத்தைப் போக்குவதோடு, இரவில் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் தூரத்தையும் ஏழெட்டு அடியாகச் சுருக்குகிறது. அறுபது வயதில் விழித்திரைக்குச் சென்று சேரும் வெளிச்சம், இருபது வயதில் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், அந்த ஏழெட்டு அடியிலும் முழங்காலுக்குக் கீழே, கண்ணில் நேராக அடிக்காத, ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு விளக்கு ஒன்று வேண்டும். குளியலறைக் கதவு வெளிப்புறம் திறக்கவோ பக்கவாட்டில் நகரவோ வேண்டும். உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும் நிலை, உள்ளே திறக்கும் கதவுகளால்தான் வருகிறது.

சமையலறைக்கு வருவோம். இன்று நாம் பொதுவாகக் கட்டும் அளவான சமையலறையின் முன்னோடி, 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. ஏறத்தாழ ஆறரைச் சதுர மீட்டரில், ஒரே ஒருவர் மிகக் குறைந்த அடிகள் நடந்து வேலையை முடிக்கும்படி அது கணக்கிடப்பட்டது. இந்த ‘ஒரே ஒருவர்’ என்ற அடிப்படைதான் கூட்டுக் குடும்பத்தில் உடைகிறது. ஒருவர் வேலை செய்ய மேடைகளுக்கிடையே மூன்றரை அடி போதும். இருவர் முதுகோடு முதுகு உரசாமல் வேலை செய்ய நான்கடி வேண்டும். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லப்படும் வீடுகளில் ஒரு பகுதியிலாவது, அந்த அரையடிதான் பற்றாக்குறை என்று நான் சந்தேகிப்பதுண்டு.

இடவசதியைவிட மோதல் அதிகம் நடப்பது தொட்டியில். அடுப்பு இரண்டு பேருக்கு இடம் தரும், தொட்டி தராது. ஆகவே அந்த வீட்டில் சமையலறையின் மறுமுனையில், பெரியவர்களின் அறைப்பக்கத்திலிருந்து எளிதில் அடையும்படி, சிறு தொட்டியும் மின்கெண்டியும் இரண்டு குவளைகளும் கொண்ட மூன்றடி மேடை ஒன்றைத் தனியாக வைத்தோம். விடியற்காலை நாலரைக்கு எழும் தாத்தா பெரிய சமையலறையின் விளக்கைப் போடாமல், பாத்திரங்களை உருட்டாமல், தனக்குச் சூடாக ஏதாவது கலந்து குடித்துக்கொள்ளலாம். அதன் உயரமும் வேறு. நின்று வேலை செய்யும் மேடை, முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருப்பது வசதி. உயரமான மகனுக்குச் சரியான 36 அங்குலம், குள்ளமான பாட்டிக்குத் தோள்வலி தரும். அவருக்கு 32 அங்குலத்தில், அடியில் அலமாரி இல்லாமல் கால் நீட்டி உட்காரும்படி அமைத்தோம்.

சமையலறையைத் திறந்தபடி விடுவதா, மூடுவதா என்ற கேள்விக்கும் காதே விடை சொல்கிறது. செவித்திறன் குறைந்தவருக்குப் பின்னணி ஓசையிலிருந்து பேச்சைப் பிரித்தறிவதுதான் மிகக் கடினம். புகைபோக்கி விசிறி ஓடும் திறந்த ஹாலில் அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். சமைப்பவர் அதற்கு மேல் குரலை உயர்த்துவார். படித்துக்கொண்டிருக்கும் பெண் மாடிக்கதவை அறைந்து சாத்துவாள். நடுவே கண்ணாடி நகர்கதவு ஒன்று இருந்தால், சமையலறையிலிருந்து எல்லாரையும் பார்க்கவும் முடியும், ஓசையைக் குறைக்கவும் முடியும். பார்வையையும் ஓசையையும் இப்படித் தனித்தனியே பிரித்து யோசிக்கத் தொடங்கினால் பல சிக்கல்கள் அவிழும்.

தரைத்தள அறை கிடைத்துவிட்டதால் படிக்கட்டைக் கவனிக்காமல் விடக் கூடாது. பேத்தியின் அறையைப் பார்க்கவோ, துணி காயப்போடவோ பெரியவர்கள் மேலே போகத்தான் செய்வார்கள். இன்று நாற்பத்தைந்து வயதான மகனுக்கும் இருபத்தைந்து ஆண்டுகளில் எழுபது ஆகும். படியின் உயரம் ஆறு அங்குலம், மிதிக்கும் அகலம் பன்னிரண்டு அங்குலம் என்பது நல்ல அளவு. உயரத்தை இரட்டித்து அகலத்தோடு கூட்டினால் 24 அங்குலத்தை ஒட்டி வர வேண்டும் என்ற இந்தக் கணக்கு, 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிரான்சுவா ப்ளோன்டெல் வகுத்தது. ஆனால் அளவைவிட முக்கியமானது ஒரே சீர்மை. கால் முதலிரண்டு படிகளிலேயே உயரத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு கண்ணின் துணையின்றி இறங்குகிறது. எனவே ஒரு படி மட்டும் பத்து மில்லிமீட்டர் கூடினாலும் தடுக்கும். தரையில் டைல்ஸ் போட்ட பிறகு கடைசிப் படி மட்டும் குட்டையாகிவிடுவது மிகப் பொதுவான பிழை. தரைப் பூச்சின் தடிமனை முன்பே கழித்துக்கொண்டுதான் படிகளைப் பிரிக்க வேண்டும். கைப்பிடி இரு பக்கமும் வேண்டும், கடைசிப் படியைத் தாண்டி ஓரடி நீண்டிருக்கவும் வேண்டும். மாடியிலும் கீழேயும் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தடிக்கு ஐந்தடியில் சாமான் அறைகள் வைத்து, அவற்றுக்கிடையே உள்ள தளத்தைச் சுற்றி உத்தரம் போட்டு, பின்னாளில் வெட்டியெடுக்கும்படி தனியாக வார்த்து வைத்தால், வேண்டும்போது மின்தூக்கிக்கு இடம் தயாராக இருக்கும்.

இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் ஒரு பக்கவிளைவு உண்டு. குடிவந்த முதல் வாரத்தில் அதைக் கண்டுபிடித்தவர் மருமகள். “கதவைச் சாத்தினா அத்தை கூப்பிடுறது எங்களுக்குக் கேட்கவே இல்லையே” என்றார். ஓசையைத் தடுக்கும் கதவு, உதவிக்கான குரலையும் தடுக்கும். மேல்தளத்தில் ஒலிக்கும் அழைப்பு மணியின் பொத்தானைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். குளியலறையில் பொத்தானுக்குப் பதிலாகக் கயிறு தொங்கவிட்டு, அதன் நுனி வளையத்தைத் தரையிலிருந்து நான்கே அங்குல உயரத்தில் நிறுத்தினோம். கொத்தனார் கயிறு நீளமாகிவிட்டது என்று நினைத்துச் சுருட்டிக் கட்டிவைத்திருந்தார். விழுந்து கிடப்பவரின் கை அந்த உயரத்துக்குத்தான் எட்டும் என்று சொல்லி, அவரையே தரையில் படுத்துக் காட்டச் சொன்ன பிறகு அவிழ்த்துவிட்டார்.